வாழ்த்து நிறைய வந்துச்சு, கிளையன்ட் ஒருத்தரும் வரல: ஒரு அறிமுக கேரசலை பிரிச்சுப் பார்த்த கதை

தீபாவளி முடிஞ்ச வாரம் என் ஃப்ரெண்டோட தங்கச்சி போன் பண்ணுச்சு. ஈரோடு பக்கம் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனில ஆறு வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்துட்டு இருந்த பொண்ணு, குழந்தை பிறந்ததுக்கப்புறம் வேலைய விட்டுட்டு வீட்ல இருந்தே கணக்கு எழுதித் தர்ற வேலைய ஃப்ரீலான்ஸா ஆரம்பிச்சிருந்துச்சு. இன்ஸ்டாகிராம்ல புது அக்கவுண்ட், அதுல மொத போஸ்ட்டா ஒரு அறிமுக கேரசல், அதாவது ஸ்வைப் பண்ணிப் பார்க்கற பல ஸ்லைடு போஸ்ட், நான் யாரு, என்ன பண்றேன், யாருக்குப் பண்றேன்னு. போட்டு பத்து நாளாச்சு. "அண்ணா, நூத்தி அறுபது லைக் வந்துருச்சுங்க, கமெண்ட் ஃபுல்லா வாழ்த்துக்கள் தான், ஆனா ஒருத்தர் கூட வேலை குடுக்கல, என்ன தப்புன்னு பாத்துச் சொல்லுங்களேன்"னு.

எனக்குத் தொழிலே சின்னக் கடைங்களுக்கு போஸ்ட் டிசைன் பண்றதும் கேப்ஷன் எழுதறதும் தான், அதனால பார்த்தேன். பார்த்ததையும், மாத்தினதையும், மாத்தினதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்றதையும் அப்படியே எழுதறேன். பேர், அக்கவுண்ட் எதுவும் போடல, தங்கச்சின்னே வெச்சுக்கலாம். இது ஒரே ஒரு ஆளோட கதை, இதுல வர்ற எண்ணிக்கைய வெச்சு உலகத்துக்கே ஃபார்முலா போட்டுடாதீங்க.

மொத வெர்ஷன்

பத்து ஸ்லைடு. மொத ஸ்லைடுல பூ போட்ட பேக்ரவுண்ட், நடுவுல "வணக்கம்! என்னை அறிமுகப்படுத்திக்கிறேன்". ரெண்டாவதுல போட்டோவும் பேரும், கீழ "உங்க பர்சனல் ஆடிட்டர்". மூணுல படிப்பு, பி.காம், எந்த காலேஜ், எந்த வருஷம். நாலுல ஆறு வருஷ அனுபவம், டேலி, எக்ஸெல், ஜிஎஸ்டி, இ-வே பில். அஞ்சுல சேவைகள்னு ஒன்பது ஐட்டம், பில் போடறதுல ஆரம்பிச்சு வருமான வரி ரிட்டர்ன், பே ரோல், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வரைக்கும். ஆறாவதுல "ஏன் என்னைத் தேர்ந்தெடுக்கணும்", நேர்மை, நேரம் தவறாமை, ரகசியம் காத்தல். ஏழுல பழைய கம்பெனில எடுத்த ஒரு டேலி ஸ்க்ரீன்ஷாட், பேரை மட்டும் மசமசன்னு மறைச்சிருந்துச்சு. எட்டுல "என்னைப் பத்தி மூணு விஷயம்", ஃபில்டர் காபி, இளையராஜா, பூனை. ஒன்பதுல ஒரு பொன்மொழி. பத்துல "தொடர்புக்கு டிஎம் பண்ணுங்க".

சத்தியமா சொல்றேன், அழகா இருந்துச்சு. கலர் மேட்ச் எல்லாம் பக்கா. அதனால தான் இதுல என்ன தப்புன்னு தங்கச்சிக்கே தெரியல, பார்க்கறவங்களும் யாரும் சொல்லல.

நான் லைக்க பார்க்கல, கமெண்ட்டையும் பார்க்கல, இன்பாக்ஸ தான் கேட்டேன். "ஒருத்தர் கூட வேலை குடுக்கலன்னா, ஒருத்தர் கூட எழுதலையா?"ன்னேன். "இல்லைங்ணா, மூணு பேரு எழுதுனாங்க, ஆனா மூணும் நமக்கு ஆவாதது"ன்னுச்சு. நான் தேடினது அந்த மூணைத் தான். ஏன்னா அறிமுக கேரசல்ல தப்பு எங்க இருக்குன்னு லைக் சொல்லாது, தப்பா வந்த விசாரணை தான் சொல்லும். அந்த ஆள் உங்களை என்னவா புரிஞ்சுக்கிட்டாங்களோ, உங்க ஸ்லைடு அப்படித் தான் சொல்லியிருக்கு.

மொத மெசேஜ் ஒரு மில்லு ஆபீஸ்ல இருந்து. "எங்க கிட்ட அக்கவுண்டன்ட் வேகன்ட் இருக்கு, நேர்ல வர முடியுமா, சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கறீங்க". நல்ல மனுஷங்க தான், தப்பா ஒண்ணும் கேட்கல. மூணாவது, நாலாவது ஸ்லைடை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க, அது பயோடேட்டா. படிப்பு, அனுபவம், தெரிஞ்ச சாஃப்ட்வேர், அதே வரிசை. பயோடேட்டாவைப் படிச்சவங்க வேலைக்குக் கூப்பிடாம வேற என்ன பண்ணுவாங்க? ஃப்ரீலான்ஸுக்கு வர்ற முக்காவாசிப் பேரு இத தான் பண்றாங்க, ஏன்னா நம்மளைப் பத்தி எழுதச் சொன்னா நமக்குப் பழகின ஒரே ஃபார்மட் அது தான், இருவது வயசுல இருந்து அதையே எழுதி எழுதி கை பழகிப் போச்சு.

ரெண்டாவது மெசேஜ் இன்னும் சிக்கல். ஒருத்தர் டேக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டுத் தருவீங்களான்னு கேட்டிருக்காரு. நம்ம ஊர்ல கணக்கு பாக்கற எல்லாரையும் ஆடிட்டர்னு தான் சொல்றோம், அது பேச்சுல பரவால்ல. ஆனா அந்த ரிப்போர்ட்ல கையெழுத்து போட சிஏ தான் வேணும், தங்கச்சி சிஏ கிடையாது. சிஏ இல்லாத ஒருத்தர் தன்னை சிஏன்னு சொல்லிக்கிறது 1949ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். தங்கச்சி தன்னை சிஏன்னு எங்கயும் எழுதல, உண்மை தான், ஆனா "ஆடிட்டர்"னு படிச்சவரு அப்படித் தான் எடுத்துக்கிட்டாரு. கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல, சும்மா கேட்ச்சியா இருக்கும்னு போட்டது. கேட்டதும் அதுக்கே முகம் சுருங்கிப் போச்சு.

மூணாவது ஆள், "ஐடிஆர் போட எவ்வளவு, பக்கத்து தெருவுல முன்னூறுக்குப் போடறாங்க". இது அந்த ஒன்பது ஐட்டம் ஸ்லைடோட வேலை. ஒன்பது சேவைய வரிசையா போட்டா, படிக்கறவங்க அதுல தனக்குத் தெரிஞ்ச, விலை தெரிஞ்ச ஒண்ணை மட்டும் எடுத்து பேரம் பேச ஆரம்பிப்பாங்க. ஓட்டல் மெனு மாதிரி தான், நூறு ஐட்டம் இருந்தாலும் கண்ணு இட்லி விலைக்குத் தான் போகும்.

ஆக மூணு தப்பான ஆளு, நாலு ஸ்லைடு. மிச்ச ஆறு ஸ்லைடு யாரையுமே கூப்பிடல, நல்லதாவோ கெட்டதாவோ.

அந்த ஸ்க்ரீன்ஷாட்

இதைத் தனியா சொல்லணும், ஏன்னா அக்கவுண்ட்ஸ் வேலைல இருந்து வர்றவங்க நிறையப் பேரு இந்தத் தப்பைப் பண்றாங்க. ஏழாவது ஸ்லைடுல பார்ட்டி பேரை மசமசன்னு மறைச்சிருந்துச்சு, ஆனா மேல மூலைல ஜிஎஸ்டி நம்பர் ஒண்ணு பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. ஜிஎஸ்டி நம்பர் மொத்தம் 15 எழுத்து, மொத ரெண்டு ஸ்டேட் கோடு, தமிழ்நாட்டுக்கு 33, அதுக்கடுத்த பத்து எழுத்து அப்படியே அந்தப் பார்ட்டியோட பான் நம்பர். அந்த நம்பரை அரசாங்க ஜிஎஸ்டி சைட்டுல போட்டா கம்பெனி பேரே வந்துரும். பேரை மறைச்சு என்ன பிரயோஜனம்? அதைவிடப் பெருசு, ஆறாவது ஸ்லைடுல "ரகசியம் காத்தல்"னு போட்டுட்டு ஏழாவதுல அடுத்தவன் கணக்கைக் காட்டறது. கணக்குக்கு ஆள் தேடறவங்க சந்தேகப் பிறவிங்க, அவங்க தொழிலே அப்படி. இவங்க நாளைக்கு என் கணக்கையும் இப்படித் தான் காட்டுவாங்களோன்னு தோணிடுச்சுன்னா முடிஞ்சுச்சு.

அந்த ஸ்லைடை அன்னிக்கே எடுக்கச் சொன்னேன். போஸ்ட் போட்டதுக்கு அப்புறம் கேரசல்ல இருந்து ஒரு ஸ்லைடை மட்டும் டெலீட் பண்ண இன்ஸ்டாகிராம் விடும், கேப்ஷனையும் மாத்தலாம், ஆனா ஒரு படத்தை எடுத்துட்டு அதே இடத்துல திருத்தின படத்தை வைக்க விடாது. அதனால எழுத்துப் பிழை, தப்பு நம்பர், பழைய விலை இதெல்லாம் ஸ்லைடுக்குள்ள மாட்டிக்கிச்சுன்னா மொத்தமா புதுசா போடறது தான் வழி. போடறதுக்கு முன்னாடி வேற ஒருத்தர சத்தமா படிக்கச் சொல்றது இதுக்குத் தான்.

யாருக்குன்ற கேள்வில ரெண்டு நாள்

ரெண்டாவது வெர்ஷனுக்கு உக்காந்தப்போ டிசைனைத் தொடவே இல்ல. "யாருக்கு வேலை பண்ணப் போற?"ன்னேன். "சிறு தொழில் பண்றவங்களுக்குங்ணா". அப்படின்னா யாரு, மளிகைக் கடையா, லேத் பட்டறையா? "யாரா இருந்தாலும் சரிங்க". இந்தப் பதில்ல ஒரு பயம் இருக்கு, ஒருத்தரைச் சொன்னா மத்தவங்க போயிருவாங்கன்னு. வாடகை, குழந்தைக்குப் பால் மாவுன்னு செலவு நிக்கும்போது அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா "எல்லாருக்கும்"னு எழுதின ஸ்லைடைப் பார்த்து இது எனக்குன்னு நினைக்கிறவங்க யாரும் இல்ல.

அதனால கேள்விய மாத்திக் கேட்டேன். "உன்னைத் தேடி ஏற்கனவே யாரு கணக்குச் சந்தேகம் கேட்டு வர்றாங்க?" யோசிச்சுட்டு சொல்லுச்சு, அதோட சித்தி, சித்தியோட ஃப்ரெண்டு, கீழ் வீட்டு அக்கா. மூணு பேரும் வீட்ல இருந்து புடவை விக்கிறவங்க. ஈரோடு கனி மார்க்கெட்லயும் இளம்பிள்ளைலயும் எடுத்துட்டு வந்து வாட்ஸ்அப் குரூப்லயும் இன்ஸ்டாகிராம்லயும் போட்டு விக்கிறாங்க. "அவங்க என்னன்னு கேட்பாங்க, அவங்க வார்த்தைலயே சொல்லு"ன்னேன். உடனே சித்தி குரல்லயே சொல்லிக் காட்டுச்சு: "ஏம் புள்ள, ஜிபேல காசு வந்துட்டே தான் இருக்குது, மாசக் கடைசில பாத்தா கைல ஒண்ணுமில்ல, எங்க தான் போவுதுன்னே தெரியல."

மொத ஸ்லைடு கெடச்சிருச்சு. நான் எழுதல, சித்தி எழுதுனாங்க.

நடுவுல தங்கச்சிக்கு இன்னொரு ஐடியா வந்துச்சு, அதையும் சொல்லணும். "பெங்களூருக்கு ஒரே ஒரு புடவை அனுப்பினாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், தெரியுமா?"ன்னு மொத ஸ்லைடுல போடலாம், பயந்துட்டு ஸ்வைப் பண்ணுவாங்கன்னு. பயம் வேலை செய்யும், நிறையப் பேரு அப்படித் தான் போடறாங்க. ஆனா வரி பக்கம் பேசினா, வெளி மாநிலத்துக்குப் பொருள் வித்தா பொதுவா பதிவு எடுக்கணும்ன்றது சரி, அதுலயே கைத்தறி மாதிரி கைவினைப் பொருளுக்குக் கண்டிஷனோட விலக்கு இருக்கு. பவர்லூமா கைத்தறியான்றதப் பொறுத்து பதில் மாறும். அந்த "ஆனா"வை ஒரு ஸ்லைடுல அடக்க முடியாது. அடக்காம போட்டா பாதிப் பேருக்குத் தப்பான தகவல், விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் கமெண்ட்ல வந்து திருத்தினா அறிமுக போஸ்ட்லயே மானம் போகும். அந்த விஷயம் தனியா ஒரு போஸ்ட்டுக்கு இருக்கட்டும்னு எடுத்து வெச்சோம்.

ரெண்டாவது வெர்ஷன், ஏழு ஸ்லைடு

மொத ஸ்லைடு: "ஜிபேல காசு வருது. மாசக் கடைசில கைல நிக்கல. எங்க போகுது?" கீழ சின்னதா, "வீட்ல இருந்து புடவை விக்கிற அக்காக்களுக்கு". வணக்கம் இல்ல, பேர் இல்ல, போட்டோ இல்ல. தங்கச்சிக்கு இது மனசே ஒப்பல, "அறிமுகம்னு போட்டுட்டு பேரு இல்லாம எப்படிங்ணா". அவங்களுக்கு இன்னும் உன் பேர் தேவைப்படல, அவங்க பிரச்சனை தான் தேவைன்னு சொல்லி சமாதானப்படுத்துனேன்.

ரெண்டாவது ஸ்லைடு தான் நெஜமான அறிமுகம். இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. கேரசலை ஒருத்தர் ஸ்வைப் பண்ணாம தாண்டிப் போயிட்டா, இன்ஸ்டாகிராம் சில சமயம் அதே போஸ்ட்டை அவங்களுக்கு மறுபடி காட்டும், அப்போ ரெண்டாவது ஸ்லைடுல இருந்து காட்டும். அதாவது சிலருக்கு உங்க ரெண்டாவது ஸ்லைடு தான் மொத ஸ்லைடு. நிறையப் பேரு ரெண்டாவதை மொதலோட தொடர்ச்சியா "ஏன்னா..."ன்னு ஆரம்பிச்சு வெச்சிருப்பாங்க, தனியா பார்த்தா தலையும் இல்ல வாலும் இல்ல. அதனால நாங்க அதைத் தனியா நின்னாலும் புரியற மாதிரி எழுதினோம், தங்கச்சி போட்டோவோட (பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இல்ல, வீட்டு டேபிள்ல லெட்ஜர் நோட்டோட உக்காந்திருக்கறது), ஒரே வாக்கியம்: "நான் (பேரு), ஈரோடு. வீட்ல இருந்து புடவை விக்கிறவங்களோட வரவு செலவை மாசாமாசம் எழுதி, லாபம் எவ்வளவுன்னு ஒரே பக்கத்துல காட்டறேன்." கீழ ஒரு வரி, "ஆறு வருஷம் டெக்ஸ்டைல் கம்பெனில கணக்குப் பார்த்த அனுபவம்". பழைய நாலு ஸ்லைடு விஷயம் அந்த ஒத்தை வரில அடங்கிருச்சு. காலேஜ் பேரு போச்சு, பூனையும் போச்சு. பூனை போனது எனக்கே கொஞ்சம் வருத்தம் தான்.

மூணாவது ஸ்லைடு, யாருக்கு, யாருக்கு இல்ல. மேல: "மாசம் 30ல இருந்து 300 ஆர்டர், ஜிபே, வீட்டுச் செலவு எல்லாம் ஒரே பேங்க் அக்கவுண்ட்ல, கொள்முதல் பில்லு பாதி தான் கைல இருக்கு. இது நீங்கன்னா நான் உங்களுக்கு." கீழ: "ஐடிஆர் மட்டும் போடணும், ஆடிட் ரிப்போர்ட் கையெழுத்து வேணும்னா அதுக்கு சிஏ கிட்ட போங்க, நான் சிஏ இல்ல." "நான் சிஏ இல்ல"ன்னு எழுத தங்கச்சி ஒரு நாள் யோசிச்சுச்சு. ஆனா அத எழுதினதும் மேல சொன்னது எல்லாத்துக்கும் ஒரு கனம் வந்துச்சு.

நாலாவது ஸ்லைடு தான் எனக்குப் பிடிச்சது. புதுசா வந்தவங்களுக்கு இருக்கற பெரிய தலைவலி, காட்டறதுக்குப் பழைய கிளையன்ட் இல்ல. கஸ்டமர் பாராட்டு ஸ்க்ரீன்ஷாட் இல்ல. சிலர் ஃப்ரெண்டை விட்டு எழுத வெப்பாங்க, அது வேணாம். அதுக்குப் பதிலா வேலைய அங்கேயே பண்ணிக் காட்டலாம். "மாதிரி கணக்கு"ன்னு மேல கொட்டையா எழுதிட்டு ஒரே ஒரு புடவையோட கணக்கைப் போட்டோம். கொள்முதல் 620, லாரி வாடகைல இதோட பங்கு 12, கவர் டேப்பு 18, கூரியர் 70. விக்கிற விலை 899, ஷிப்பிங் ஃப்ரீ. மனசுல போடற கணக்கு 899ல 620 போனா 279 லாபம். நெஜத்துல மொத்தச் செலவு 720, லாபம் 179.

அதோட விடல. 20 புடவை அனுப்பி ஒண்ணு திரும்பி வந்தா என்ன ஆகும்னு அடுத்த ரெண்டு வரி. 19 புடவைக்கு 179 வீதம் 3,401. திரும்பி வந்ததுக்குப் போன கூரியர், வந்த கூரியர், கவர் சேர்த்து 158 கையை விட்டுப் போகுது. மிச்சம் 3,243. மனசுல போட்ட கணக்கு 20 இன்ட்டு 279, அதாவது 5,580. "நடுவுல இருக்கற 2,337 ரூபா தான் உங்க 'எங்க போகுது'". மொத ஸ்லைடுல கேட்ட கேள்விக்கு நாலாவதுல பதில் வந்துருச்சு பாருங்க. அதுலயே தங்கச்சிக்கு வேலை தெரியும்னு படிக்கறவங்களுக்குப் புரிஞ்சுரும், அனுபவம்னு தனியா கத்த வேண்டியதில்ல. இந்த எண்ணை வெக்க எங்களுக்கு ஒரு சாயங்காலம் ஆச்சு, ஏன்னா சித்தி கிட்ட காட்டினப்போ "கூரியர் நாப்பதுன்னு போட்டிருக்கே, எந்தக் காலத்துல இருக்க"ன்னு சிரிச்சுட்டாங்க. மாதிரி கணக்கா இருந்தாலும் தொழில்ல இருக்கறவங்க கண்ணுக்கு எண்ணு பொய்யா பட்டா மொத்தமும் பொய்யாயிரும்.

அஞ்சாவது, எப்படி நடக்கும்: ஞாயித்துக்கிழமை பில்லு, பேங்க் ஸ்டேட்மென்ட் போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்புங்க, அடுத்த மாசம் 5ஆம் தேதிக்குள்ள ஒரு பக்க கணக்கு வரும், பத்து நிமிஷம் போன்ல விளக்கறேன். ஆறாவது, விலை: "மாசம் 1,500ல இருந்து". விலை போடலாமா வேணாமான்னு ரெண்டு கட்சி இருக்கு. இந்த ஆளுங்களுக்குப் போடணும்ன்றது என் கட்சி, ஏன்னா விலை கேட்கக் கூச்சப்பட்டே டிஎம் பண்ணாம போறவங்க இவங்க. பெரிய கம்பெனிக்கு வேலை பண்றவங்களா இருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்.

ஏழாவதுல ஒரே ஒரு விஷயம் கேட்டோம். "போன மாசம் எத்தனை ஆர்டர்னு மட்டும் டிஎம் பண்ணுங்க. ஸ்டேட்மென்ட் எதுவும் இப்போ அனுப்பாதீங்க." வெறும் "தொடர்புக்கு டிஎம்"னா என்னன்னு ஆரம்பிக்கறதுன்னு தெரியாம விட்டுருவாங்க, ஒரு நம்பரை டைப் பண்றது சுலபம். தங்கச்சிக்கும் அந்த நம்பரைப் பார்த்ததும் இது தனக்கான ஆளா இல்லையான்னு தெரிஞ்சுரும்.

தமிழ் எழுத்து பண்ணின அட்டகாசம்

டிசைன் பத்தி அதிகம் சொல்லப் போறதில்ல, ஆனா தமிழ்ல போடறவங்க மாட்டிக்கிற ரெண்டு இடம் இருக்கு. தங்கச்சி கேன்வால எடுத்த டெம்ப்ளேட் இங்கிலீஷ் கேப்பிட்டல் எழுத்துக்குப் பண்ணினது, எழுத்துக்கு நடுவுல இடைவெளி அதிகமா வெச்சிருந்தாங்க. அதுல தமிழ் போட்டதும் "கொள்முதல்"ல இருந்த ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், க நடுவுல, கால் தள்ளி இன்னொரு பக்கம்னு பிரிஞ்சு நின்னுச்சு. லெட்டர் ஸ்பேசிங்கை பூஜ்யம் ஆக்கினதும் சரியாச்சு. அப்புறம் அந்த டெம்ப்ளேட் ஃபான்ட்ல தமிழே கிடையாது, அதனால அது வேற ஏதோ ஃபான்ட்ல காட்டிட்டு இருந்துச்சு, போல்டு அமுக்கினா மாறவே இல்ல. முக்தா மலர்னு ஒரு ஃபான்ட் இருக்கு, அதுக்கு மாத்தினோம், மெலிசுல இருந்து தடிமன் வரைக்கும் எல்லாம் ஒழுங்கா வருது. வரிக்கு வரி இடைவெளியையும் கூட்டணும், இல்லேன்னா மேல் வரி "கு"வோட வாலும் கீழ் வரி "கி"யோட கொக்கியும் முட்டிக்கும்.

சைஸ் 1080க்கு 1350. இந்த சைஸ் ஃபீட்ல முழுசா தெரியும், ஆனா 2025 ஜனவரில இன்ஸ்டாகிராம் ப்ரொஃபைல் கட்டத்தை சதுரத்துல இருந்து 3:4க்கு மாத்திருச்சு, அதுல இந்தப் படத்தோட ரெண்டு ஓரத்துலயும் சுமாரா 34 பிக்சல் வெட்டுப்படும். எழுத்தை ஓரத்துல இருந்து நூறு பிக்சல் உள்ள தள்ளி வெச்சா கவலை இல்ல. மொத வெர்ஷன்ல ஓரத்துல ஒட்டி எழுதினதால கட்டத்துல பார்க்கறப்போ "ணக்கம்"னு தான் தெரிஞ்சுச்சு, பத்து நாளா யாரும் கவனிக்கல.

போட்டதுக்கு அப்புறம்

தை மாசம், பொங்கல் சீசன் முடிஞ்சு அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போட்டோம். தீபாவளியும் பொங்கலும் வித்து முடிச்சுட்டு என்ன மிஞ்சுச்சுன்னு எல்லாரும் மண்டைய உடைக்கிற நேரம் அது. ப்ரொஃபைல்ல மேல பின் பண்ணி வெச்சோம், பழைய போஸ்ட்டை ஆர்க்கைவ் பண்ணியாச்சு.

லைக் நாப்பத்தொண்ணு. பழசோட கால்வாசி தான். தங்கச்சி அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணி "அண்ணா, சொந்தக்காரங்க யாரும் லைக்கே போடலைங்க"ன்னு வருத்தப்பட்டுச்சு. போட மாட்டாங்க, மொதத்துல "வணக்கம்"னு பாத்துட்டு நம்ம புள்ளன்னு வாழ்த்துனாங்க, இதுல அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே.

அக்கவுண்ட்ல அப்போ ஃபாலோயர் இருநூத்திச் சொச்சம். அத்தனை பேரு இருக்கற அக்கவுண்ட்ல எவ்வளவு நல்ல கேரசல் போட்டாலும் தானா போய் புது ஆள்கிட்ட சேரும்னு எதிர்பார்க்கக் கூடாது. அறிமுக கேரசலோட உண்மையான வேலை வேற. யாரோ உங்களைப் பத்திக் கேள்விப்பட்டு ப்ரொஃபைலுக்கு வந்து எட்டிப் பார்க்கறப்போ அது அங்க இருக்கணும். அதனால நாமளே அனுப்பற இடத்துக்கு அனுப்பினோம். சித்தி இருந்த ரெண்டு புடவை ரீசெல்லர் வாட்ஸ்அப் குரூப்ல, சித்தியே அந்த லிங்க்கைப் போட்டு "நம்ம புள்ள தான், கணக்குத் தெரிஞ்சவ"ன்னு ஒரு வரி எழுதுனாங்க. லிங்க் திறக்காதவங்களுக்கு நாலாவது ஸ்லைடை மட்டும் படமா போட்டாங்க.

ரெண்டு வாரத்துல அஞ்சு டிஎம். "85". "140 இருக்கும்". "அக்கா 12 தான் வரும், எனக்குப் பண்ணுவீங்களா". நாலாவது ஆளு நம்பரே போடாம "அந்த 2337 எனக்கு 8000 வரும் போல இருக்கே"ன்னு எழுதியிருந்தாங்க. அஞ்சாவது, விலைல ஜிஎஸ்டி ஃபைலிங்கும் சேர்த்தியான்னு.

வேலைக்குக் கூப்பிட்டவங்க, கையெழுத்து கேட்டவங்க, முன்னூறு ரூபா பேரம் இந்தத் தடவ ஒண்ணும் வரல. அதுக்காக எல்லாம் சரின்னு இல்ல. அஞ்சாவது கேள்வி எங்க தப்பு, ஆறாவது ஸ்லைடுல என்ன சேரும், என்ன சேராதுன்னு எழுதல. படத்தை மாத்த முடியாதே, அதனால கேப்ஷன்ல மொத வரில போட்டோம். கேப்ஷன்ல "மேலும்"க்கு முன்னாடி தெரியறது சுமாரா 125 எழுத்து தான், அதுக்குள்ள வரணும்னு "மாசக் கணக்கு 1,500ல இருந்து, ஜிஎஸ்டி ஃபைலிங் தனி"ன்னு சுருக்கினோம். அந்தப் பன்னெண்டு ஆர்டர் அக்காவும் ஒரு பாடம், 30ல இருந்துன்னு போட்டதால தயங்கித் தயங்கித் தான் கேட்டாங்க, அவங்கள மாதிரி கேட்காமலே போனவங்க எத்தனை பேரோ. தங்கச்சி அவங்களுக்கு ஒரு எக்ஸெல் ஷீட் மட்டும் குடுத்து, 30 ஆர்டர் தாண்டினதும் வாங்கன்னு சொல்லியிருக்கு.

85ம் 8000மும் கிளையன்ட் ஆயிட்டாங்க. 140 அக்கா ஒரு மாசம் பண்ணிப் பார்த்துட்டு, வீட்டுக்காரரு வேணாம்னுட்டாருன்னு நிறுத்திட்டாங்க. கணக்குல தெரிஞ்ச லாபத்தைப் பார்த்ததும் அவரு கேட்ட கேள்வி வேற ஏதோ போல, அதைத் தங்கச்சி என் கிட்ட முழுசா சொல்லல, நானும் நோண்டல.

போன வாரம் மறுபடி போன். "அண்ணா, ஆரி வொர்க் ப்ளவுஸ் தைக்கிற அக்கா ஒருத்தங்க கேட்கறாங்க, மூணாவது ஸ்லைடுல அவங்களையும் சேர்த்துரலாங்களா?" அவங்களுக்கு வேலை பண்ணிக் குடு, ஸ்லைடுல சேர்க்காதன்னு சொன்னேன். ப்ளவுஸ்ல கொள்முதல் விலைன்னு ஒண்ணே இல்லையே, நூலு, மணி, கூலி நேரம், அதுல நாலாவது ஸ்லைடோட கணக்கே நிக்காது. அவங்க கணக்கை ரெண்டு மாசம் எழுதிப் பாரு, அவங்க என்னன்னு புலம்பறாங்கன்னு கேளு, அப்புறம் அவங்களுக்குன்னு தனியா ஒரு கேரசல் போடலாம்னேன். "அதுல பூனைய வெக்கலாங்களா"ன்னு கேட்டுச்சு. ரெண்டாவது ஸ்லைடுல, மடில உக்காந்திருந்தா வெக்கலாம்னு சொல்லியிருக்கேன்.